தலையைத் திருப்பினால் ஓவிய முகம் பின்தங்குகிறது: உதவி தேவை

கேள்வி கேட்டவர்:
சமூகச் செயலி ஒன்றுக்காக, கேமராவில் தெரியும் முகத்தைக் கோட்டோவியமாக மாற்றும் ஃபில்டரை ஆண்ட்ராய்டில் எழுதி வருகிறேன். மீடியாபைப் தரும் முகப்புள்ளிகளை வைத்து முகத்தை 256×256 பிக்சலில் வெட்டி, ஓவிய மாடலுக்குக் கொடுத்து, வெளிவரும் படத்தை முன்னோட்டத்தின் மேல் ஒட்டுகிறேன். அசையாமல் இருந்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. தலையைச் சட்டெனத் திருப்பினால் மட்டும் ஓவியம் பின்தங்கி, ஒரு பக்கக் கன்னம் வெளியே தெரிகிறது. தலை நின்றதும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

மறுமொழி 1:
புள்ளிகள் நடுங்குவதுதான் காரணமாக இருக்கும். One Euro வடிகட்டியைப் போட்டு `minCutoff` மதிப்பைக் குறையுங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

மறுமொழி 2:
முன்கேமராப் படம் கண்ணாடிபோல் இடவலம் மாறி வருவதைக் கவனித்தீர்களா? என் செயலியில் தொப்பி எதிர்த்திசையில் ஓடியது அதனால்தான்.

மறுமொழி 3:
இடவலம் மாறியிருந்தால் அசையாதபோதும் பொருந்தாது. வடிகட்டி நடுக்கத்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் `minCutoff` குறையக் குறையத் தாமதம் கூடும், இங்கே நோயே தாமதம். `detectAsync` விடை தரும்போது கேமரா அடுத்த பிரேமுக்குப் போயிருக்கும். ஓவிய மாடல் அதைவிடப் பிந்தும். முகம் நொடிக்கு 600 பிக்சல் நகர, ஓவியம் 90 மில்லிநொடி பிந்தினால், விலகல் 54 பிக்சல். திரையைப் பதிவு செய்து, பிரேம் பிரேமாக நகர்த்தி அளந்து பாருங்கள்.

முதலில், விடையை அது பிறந்த பிரேமோடு சேருங்கள்:

```kotlin
val frame = pending.remove(result.timestampMs())
```

அந்தப் பிரேமுக்கான விடை வரும்வரை முன்னோட்டத்தை நிறுத்தி வைப்பதால் திரை ஓரிரு பிரேம் பிந்தும். அதைக் கண் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், முகமூடி வழுக்குவதைப் பொறுக்காது. ஓவியத்துக்காகவும் அப்படிக் காத்திருக்க வேண்டாம். அதைச் சதுரமாக ஒட்டாமல், அது எடுக்கப்பட்ட பிரேமின் புள்ளிகளை டெக்ஸ்சர் ஆயங்களாகவும், இப்போதைய புள்ளிகளை முக்கோண வலையின் முனைகளாகவும் வைத்து வரையுங்கள். வண்ணம் பழையதாக இருந்தாலும் வடிவம் புதிதாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
அளந்தேன்: விலகல் ஏறத்தாழ 50 பிக்சல். வலையில் ஒட்டியபின் கன்னம் வெளியே தெரிவதில்லை, மிக்க நன்றி ஐயா. ஆனால் கண் சிமிட்டும்போது, இமை மூடிய பிறகும் திறந்த விழியின் ஓவியம் நசுங்கிய கோடாக ஒரு கணம் நிற்கிறது.

மறுமொழி 3:
வலை வடிவத்தைத்தான் நகர்த்தும்; இல்லாத இமையை அதனால் வரைய முடியாது. நான் கண்களையும் உதட்டின் உட்புறத்தையும் வலையிலிருந்து வெட்டிவிட்டு, அங்கே நேரடிப் படத்தையே வண்ணப் படிகளைக் குறைக்கும் சிறு ஷேடர் வழியாகக் காட்டுகிறேன். ஓரத்தைச் சில பிக்சல் மங்கலாக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
முயன்றேன். சிமிட்டல் சரியாகிவிட்டது; ஆனால் சிரிக்கும்போது பல் மட்டும் புகைப்படமாகத் தனித்து நிற்கிறது. வாயை மாடலிடமே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

மறுமொழி 1:
அப்படிச் செய்தால் பேசும்போது உதடு பிந்துமே?