ஊன்றுவாலா, விறைவாலா?

கோவையிலிருந்து:

அன்புள்ள நண்பர்களுக்கு,

மரத்தண்டைப் பற்றியிருக்கும் பறவையைப் படத்தில் பார்த்து இனங்காண ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன். அலகு, கொண்டை இரண்டுக்கும் சொல் தேட வேண்டியதில்லை. வாலில்தான் தடைப்பட்டு நிற்கிறேன். மரங்கொத்தியின் வாலில் நடு இறகுகளின் தண்டு தடித்து விறைப்பாக இருக்கும், நுனி கூர்ந்திருக்கும். இரு கால்களோடு இந்த வாலையும் தண்டில் அழுத்தி முக்காலிபோல் நின்றுதான் அது கொத்துகிறது. இத்தகைய வாலை “ஊன்றுவால்” எனலாமா? ஊன்றுகோல் எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

தஞ்சாவூரிலிருந்து:

அருமையான சொல், ஐயா. இனி எல்லாம் எளிது. வால் தண்டில் படிந்திருந்தால் மரங்கொத்தி, விலகியிருந்தால் குக்குறுவான் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

வால்பாறையிலிருந்து:

தம்பி, அந்த ஒரு வரியை நம்பித்தான் நானும் தவறினேன். உறவினர் ஒருவர் வீட்டு முருங்கையின் பட்ட கிளையில் பச்சைப் பறவையொன்று பொந்து குடையும் படத்தை அனுப்பியிருந்தார். வால் கிளையில் நன்றாக அழுந்தியிருந்தது. பச்சை மரங்கொத்தி என்று எழுதிவிட்டேன். மறுநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலகு உளிபோல் நீண்டிருக்கவில்லை; குட்டையாக, அடி பருத்து இருந்தது. அதன் அடியில் மீசைபோல் விறைத்த மயிர்கள் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. கண்ணுக்குக் கீழே வெள்ளைப் பட்டை. வால் இறகுகளின் நுனியில் கூர்மையே இல்லை. சின்னக் குக்குறுவான்!

பொந்து குடையும்போது குக்குறுவானும் வாலைத் தண்டில் அழுத்தும். ஊன்றுவது செயல், அதை வைத்துப் பெயரிட்டால் படம் பார்ப்பவர் ஏமாறுவார். உறுப்பின் தன்மையைச் சொல்லும் “விறைவால்” பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மதுரையிலிருந்து:

விறைத்தல் என்றதும் குளிரில் விறைத்த கையும் உயிர் பிரிந்த உடலும்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. தவிர, படத்தில் விறைப்பு எங்கே தெரிகிறது? தெரிவது கூர்நுனி. அதற்காகக் “கூர்வால்” என்றால் ஊசிவால் வாத்தோடு குழம்பும். ஊன்றுகோல் என்பது ஊன்றுவதற்கென்றே அமைந்த கோல். கையில் கிடைத்த குடையை ஒருவர் ஊன்றி நடந்தாலும் குடை ஊன்றுகோல் ஆகிவிடாது. அதேபோல் குக்குறுவான் வாலை அழுத்தினாலும் அது ஊன்றுவால் ஆகாது. என் வாக்கு ஊன்றுவாலுக்கே.

நாகர்கோவிலிலிருந்து:

எங்கள் தென்னந்தோப்பில் ஒரு மரங்கொத்தி இருக்கிறது. தலையில் விசிறிபோல் கொண்டை, இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை. பெரும்பாலும் தரையில்தான் கொத்துகிறது. பொந்து வாயில் தொங்கும்போது ஒரு படம் எடுத்தேன். அதன் வாலை என்னவென்று சொல்வது?

வால்பாறையிலிருந்து:

அம்மா, அது கொண்டலாத்தி. மெலிந்து நீண்டு சற்றே வளைந்த அந்த அலகு மரத்தைக் குடையாது. மண்ணைக் கிளறிப் புழு தேடும். வாலும் மென்மையானதே. கொண்டையை வைத்து மட்டும் மரங்கொத்தி என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு உங்கள் படமே சான்று. மரங்கொத்திகளிலும் சிலவற்றுக்கு எடுப்பான கொண்டை இல்லை. பொன்முதுகு மரங்கொத்தியில் ஆணா பெண்ணா என்று அறியத்தான் கொண்டை கைகொடுக்கும்: ஆணுக்கு உச்சி முழுவதும் சிவப்பு, பெண்ணுக்கு முன்பகுதி கறுப்பில் வெள்ளைப் புள்ளி, பின்பகுதி மட்டும் சிவப்பு.

மதுரை நண்பரின் குடை எடுத்துக்காட்டு என்னை யோசிக்க வைத்தது. இமயமலைக் காடுகளில் ட்ரீகிரீப்பர் என்ற சிறு பழுப்புப் பறவை இருக்கிறது. அதன் அலகு மெல்லிய கொக்கிபோல் வளைந்தது. விரல்களும் மூன்று முன்னே, ஒன்று பின்னே. மரங்கொத்திக்கு உறவே இல்லை. ஆனால் அதே விறைப்பான வால், கூர்நுனி. ஆகவே நாம் தேடும் சொல் ஓர் இனத்தை ஒட்டியதாக இருக்கக் கூடாது.

தஞ்சாவூரிலிருந்து:

ஐயா, இறகு உதிரும் பருவத்தில் அந்த வாலே இருக்காதே? அப்போது எடுத்த படத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பயன்?

வால்பாறையிலிருந்து:

இறகு உதிரும் என்பது சரி. ஆனால் வால் மொத்தமாக விழுவதில்லை. மரங்கொத்தியில் மற்ற வால் இறகுகள் புதிதாக வளர்ந்து தாங்கத் தொடங்கிய பின்னரே நடு இணை உதிரும். ட்ரீகிரீப்பரிலும் இதே முறைதான். ஊன்றும் சுமை அந்த இணையின்மேல்தான் அதிகம். அதனால் அந்த இரண்டு இறகுகளுக்கும் தனியாக “ஊன்றிறகு” என்று பெயரிட்டுவிடலாம். குக்குறுவானுக்கு ஊன்றிறகு கிடையாது என்று ஐயமின்றி எழுதலாம்.

கோவையிலிருந்து:

ஊன்றிறகைக் கையேட்டில் சேர்த்துவிட்டேன். முழு வாலுக்கு ஊன்றுவால் என்றே வரைவில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சிட்டுக்குருவியைவிடச் சிறிய புள்ளி மரங்கொத்தி ஒன்று உண்டு. மரங்கொத்தி இனமாக இருந்தும் அதன் வால் மென்மையானது, தண்டில் ஊன்றுவதில்லை. ட்ரீகிரீப்பரைச் சேர்த்துக்கொண்ட சொல் இதை விட்டுவிடுமே. கையேட்டில் இதை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது?