முட்டிச் சில்லு இரண்டு முறை விலகிய பெண்ணுக்கு ஆபரேஷனா, பயிற்சியா?

அம்மாபேட்டை அப்பா: மகளுக்கு 14 வயது, பள்ளி வாலிபால் அணியில் இருக்கிறாள். போன ஆகஸ்டில் ஓடும்போது சட்டெனத் திரும்பினாள், வலது முட்டிச் சில்லு வெளிப்பக்கம் விலகிவிட்டது. காலை நீட்டியதும் உள்ளே வந்துவிட்டது. கட்டுப் போடும் இடத்தில் ஒரு மாதம் இறுக்கிக் கட்டினார்கள். இப்போது பஸ்ஸை விட்டு இறங்கும்போது மறுபடியும் விலகிவிட்டது. ஒரு டாக்டர் சில்லைப் பிடிக்கப் புது ஜவ்வு வைக்கும் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் பயிற்சி போதும் என்கிறார். எதைக் கேட்பது?

ஓமலூர் கோச்: கத்தி வேண்டாங்க. 20 வருஷமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தொடைச் சதை வலுவானால் சில்லு தன் இடத்தில் நிற்கும். என்னிடம் ஒரு பையனுக்கு இப்படித்தான் விலகியது. மூணு மாதம் பயிற்சி கொடுத்தேன், இன்றைக்கு வரை ஆடுகிறான்.

செவ்வாய்ப்பேட்டை பிசியோ: அந்தப் பையனுக்கு எத்தனை முறை விலகியது கோச்?

ஓமலூர் கோச்: ஒரு முறைதான்.

செவ்வாய்ப்பேட்டை பிசியோ: அங்கேதான் வித்தியாசம். முதல் தடவை என்றால் நானும் உங்கள் பக்கம்தான். எலும்போ குருத்தெலும்போ உடைந்து மூட்டுக்குள் மிதக்காத வரை பயிற்சிதான். அப்பா, எம்.ஆர்.ஐ. எடுத்தீர்களா?

அம்மாபேட்டை அப்பா: எடுத்தோம் சார். மிதக்கும் துண்டு இல்லை. சில்லு உட்காரும் பள்ளம் தட்டையாக இருக்கிறது, சில்லு கொஞ்சம் மேலே ஏறி இருக்கிறது, உயர விகிதம் 1.3 என்கிறார்கள். எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடவில்லை. டாக்டர் சில்லை மெதுவாக வெளிப்பக்கம் தள்ளியதும் பாப்பா கத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாகலூர் காப்பித்தோட்டம்: எனக்கும் இதேதான். ஏற்காட்டில் மூட்டையோடு சரிவில் இறங்கினால் சில்லுக்குப் பின்னால் வலி உயிர் போகிறது. ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தாலும் வலி. ஸ்கேனில் குருத்தெலும்பு மென்மையாகிவிட்டது என்றார்கள். நானும் அந்த ஜவ்வு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

செவ்வாய்ப்பேட்டை பிசியோ: அண்ணே, சில்லு எப்போதாவது இடம் விட்டுப் போய், முட்டி உடனே வீங்கியதா?

நாகலூர் காப்பித்தோட்டம்: இல்லைங்க, வலி மட்டும்தான்.

செவ்வாய்ப்பேட்டை பிசியோ: அப்படியானால் உங்களுக்கு அந்த ஆபரேஷன் இல்லை. விலகாத சில்லுக்கு ஜவ்வு வைத்தால் சில்லை அழுத்தி வலியைக் கூட்டவும் கூடும். தொடை முன்பக்கத்துக்கும் இடுப்பின் பக்கவாட்டுச் சதைக்கும் பயிற்சி செய்யுங்கள், வாரத்துக்கு மூணு நாள், குறைந்தது ஆறு வாரம். அதுவரை மூட்டையைப் பாதியாக்குங்கள், சரிவில் நேராக இறங்காமல் வளைந்து வளைந்து இறங்குங்கள்.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். சில்லு வெளியே போகாமல் உள்பக்கம் பிடித்திருக்கும் ஜவ்வு முதல் தடவையிலேயே கிழிந்திருக்கும். அது ஆறினாலும் பழைய இறுக்கம் வருவது அரிது. சாதாரணமாக முட்டியை 20, 30 டிகிரி மடக்கும்போதே சில்லு பள்ளத்துக்குள் இறங்கிவிடும், எலும்பே அதைத் தாங்கும். மேலே ஏறிய சில்லுக்கு இன்னும் அதிகமாக மடக்க வேண்டும். இறங்கினாலும் பள்ளம் தட்டை. பஸ் படியில் லேசாக மடங்கிய காலைத் திருப்பும்போது அதைத் தடுக்க எதுவுமே இல்லை. இந்த வயதில், இந்தப் பள்ளத்தோடு, முதல் தடவைக்குப் பிறகே பாதிக்கு மேல் பிள்ளைகளுக்குத் திரும்ப விலகுகிறது. இவளுக்கு இரண்டாகிவிட்டது. பயிற்சியால் பள்ளம் ஆழமாகாது.

ஓமலூர் கோச்: ஒரு மாதம் கட்டி வைத்த கால் சூம்பியிருக்கும். ஒழுங்கான பயிற்சியே கொடுக்காமல் தோற்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது?

செவ்வாய்ப்பேட்டை பிசியோ: இது நியாயமான கேள்வி. சூம்பிய காலோடு ஆபரேஷனுக்குப் போனால் பிறகு முட்டி மடங்க மாதக்கணக்கில் ஆகும். எப்படிப் போனாலும் முதலில் சதையை ஏற்ற வேண்டும். ஆனால் அதற்குள் மூணாவது தடவை விலகினால் குருத்தெலும்பு உடையலாம், அதைத் திரும்பப் பெற முடியாது. என்னைக் கேட்டால் ஆறு வாரம் பயிற்சி, மைதானம் கிடையாது, அப்புறம் ஆபரேஷன்.

அப்பா, சர்ஜனிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். தொடையில் உள்ள தசைநாரை எடுத்துப் புது ஜவ்வு வைப்பார்கள். அதற்குத் தொடை எலும்பில் போடும் துளை வளர்ச்சித் தட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆபரேஷன் நடக்கும்போதே சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துத்தான் போடுவீர்களா என்று கேளுங்கள். இரண்டாவது, கீழ்க்கால் எலும்பை வெட்டி நகர்த்தப் போகிறார்களா என்பது. தட்டு மூடாத வயதில் அதைச் செய்தால் எலும்பு கோணலாக வளரக்கூடும். சில்லை வெளிப்பக்கம் பிடித்திருக்கும் பட்டையை மட்டும் வெட்டிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள். அதனால் விலகுவது நிற்காது.

ஓமலூர் கோச்: நான் மூணு மாதம் பார்த்திருப்பேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அம்மாபேட்டை அப்பா: சில்லுக்கு மேலே 10 செ.மீ. தள்ளி இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்தேன். வலது 3 செ.மீ. குறைவு. திங்கட்கிழமை பயிற்சி ஆரம்பிக்கிறாள். ஆபரேஷன் தேதியை அந்த ஆறு வாரம் முடிந்த பிறகு கேட்கிறேன். அரையாண்டுத் தேர்வு நடுவில் வருகிறது, அதுதான் யோசனை.