12 சதுர மீட்டர் அறையில் ஆக்சிஜன், டிஏ, தின்னர்: எதை வெளியே எடுப்பது?

சுத்தியல்:
பட்டறை மூலையில் ஒரு அறை. உள்ளளவு 4 மீட்டருக்கு 3, உயரம் 3. அதற்குள் இப்போது 4 ஆக்சிஜன் சிலிண்டர், 2 டிஏ என்கிற அசிட்டிலீன் சிலிண்டர், 1 எல்பிஜி, 20 லிட்டர் தின்னர் கேன் மூன்று, ஒரு கிரீஸ் டின். ஜன்னல் ஒன்றுதான், அதுவும் மார்பு உயரத்தில். ஆய்வுக்கு வந்தவர் "பிரித்து வைக்கவும்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. இதே மாதிரி அறையைச் சரிசெய்தவர்கள் என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.

நீலச்சுடர்:
பரவலாகப் புழங்கும் அளவு 20 அடி, அதாவது 6 மீட்டர். ஆக்சிஜனுக்கும் எரிவாயு சிலிண்டருக்கும் இடையில் அவ்வளவு இருக்க வேண்டும். எண்ணெய் மாதிரி சட்டெனப் பற்றும் பொருளுக்கும் சிலிண்டருக்கும் இடையிலும் அதே அளவுதான். இது அமெரிக்க வேலைத்தள விதியில் இருப்பது. 3 மீட்டர் போதும் என்கிற வழிகாட்டிகளும் உண்டு. உங்கள் இடத்து விதி வேறு அளவு சொன்னால் அதுதான் செல்லும்.

இப்போது உங்கள் அறையைப் பாருங்கள். 4க்கு 3 என்றால் மூலைக்கு மூலை சரியாக 5 மீட்டர். எதை எந்த மூலையில் தள்ளினாலும் 6 மீட்டர் வராது. அதனால் உள்ளேயே இடம் மாற்றிப் பார்ப்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஒன்று நடுவில் சுவர், இல்லாவிட்டால் ஒரு வகையை வெளியே கொண்டுபோவது. இந்த இரண்டு வழிதான்.

சுவர் என்றால் குறைந்தது 1.5 மீட்டர் உயரம், அரை மணி நேரமாவது தீயைத் தாங்க வேண்டும். நாலரை அங்குலச் செங்கல் சுவர் தாராளமாகத் தாங்கும். பல இடங்களில் பார்ப்பது ஆங்கிள் ஃபிரேமில் அடித்த தகரம். தகரம் எரியாது, ஆனால் ஒரு பக்கம் தீ பட்டால் சில நிமிடங்களில் மறுபக்கம் பழுத்துவிடும். டிஏ சிலிண்டரில் இருக்கும் உருகும் பிளக் ஏறக்குறைய 100 டிகிரியில் திறந்துகொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள்.

ரேடியல் ட்ரில்:
சுவரெல்லாம் பெரிய செலவு. நிரப்பிய சிலிண்டர்தானே ஆபத்து? காலி சிலிண்டர்களை நடுவில் வரிசையாக நிறுத்தினால் அதுவே தடுப்பு. இங்கே அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

நீலச்சுடர்:
நடுவில் ஆர்கான் நிறுத்தியிருந்தீர்கள் என்றால்கூட அந்த யோசனையில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும், அதுவும் எரியாது என்ற அளவில்தான். தீ தாங்கும் சுவருக்கு எந்தச் சிலிண்டர் வரிசையும் ஈடாகாது. அதிலும் காலி டிஏ என்றால் நிச்சயம் வேண்டாம். "காலி" என்று எழுதிய டிஏவுக்குள் அசிட்டோனும், அதில் கரைந்த வாயுவும் மிச்சம் இருக்கும். வால்வை இறுக்காமல் விட்டால் வெயில் ஏறும்போது உள்ளே இருப்பது கசியும், குளிரும்போது காற்று உள்ளே போகும். காலிக்கும் நிரப்பியதற்கும் அதே தூரம், அதே சங்கிலி, வால்வை மூடி மேலே கேப்.

கணக்குப்பிள்ளை:
தின்னர் பற்றி யாரும் பேசவில்லையே. 60 லிட்டரும் ஒரே நேரத்தில் கொட்டப் போவதில்லை. ஊற்றும்போது அரை லிட்டர் சிந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். தின்னரை டொலுயீன் என்று எடுத்துக்கொண்டால் அரை லிட்டர் முழுக்க ஆவியானால் சுமார் 112 லிட்டர் ஆவி. அறையின் கன அளவு 36 கன மீட்டர். வகுத்தால் 0.31 சதவீதம். டொலுயீன் பற்றிக்கொள்ள 1.1 சதவீதமாவது வேண்டும். ஆக மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது என் கருத்து.

பெயின்ட் பூத்:
சார், வகுத்தல் சரி. ஆனால் அந்த ஆவி அறை முழுக்கச் சமமாகக் கலந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். காற்றோட்டம் இல்லாத அறையில் அது தரையோடு படரும். முழங்காலுக்குக் கீழே, 30 செ.மீ. உயரத்துக்குள் நிற்கிறது என்று வைத்து மறுபடி வகுத்துப் பாருங்கள். 12 சதுர மீட்டருக்கு 3.6 கன மீட்டர். அதே 112 லிட்டர் இப்போது 3 சதவீதம். டொலுயீன் பற்றும் எல்லை 1.1 முதல் 7 வரை. நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது.

மார்பு உயரத்தில் மீட்டர் பிடித்தால் ஒன்றும் காட்டாது, மூக்குக்கு லேசாகத்தான் வாடை வரும். கீழே தரையோரம் இருக்கும் பிளக் பாயின்ட்டில் ஒருவர் கிரைண்டர் வயரைச் செருகினால் முடிந்தது. ஜன்னல் மேலே இருப்பதால் தரையோடு நிற்கும் ஆவிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அந்த அறைக்குள் தரையோரப் பிளக் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கணக்குப்பிள்ளை:
ஒப்புக்கொள்கிறேன். சராசரி எடுத்தது தப்பு. ஆனால் கடையில் வாங்கும் தின்னர் முழுக்க டொலுயீன் கிடையாது, கலவை. அதில் அசிட்டோன் இருந்தால் எண் மாறும்.

பெயின்ட் பூத்:
மாறும். அசிட்டோனுக்குக் கீழ் எல்லை 2.5 சதவீதம், ஆவியும் இரண்டு மடங்குதான் கனம். ஆனால் மிக வேகமாக ஆவியாகும். எந்தக் கலவையானாலும் தரையோடு போகும் என்பது மாறாது.

சுத்தியல்:
அப்படியானால் எக்ஸாஸ்ட் ஃபேன் எங்கே போடுவது? இப்போது கூரையோரம் ஒன்று இருக்கிறது.

பெயின்ட் பூத்:
தின்னர் அந்த அறையிலேயே இருக்கப் போகிறதென்றால் உறிஞ்சும் வாய் தரையிலிருந்து 30 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மணிக்கு ஆறு முறை அறைக் காற்று மாற வேண்டும். உங்களுக்கு 36 பெருக்கல் 6, மணிக்கு 216 கன மீட்டர். சின்ன ஃபேனே இதைத் தரும், அளவு பிரச்சினை இல்லை. பிரச்சினை இரண்டு இடத்தில் வரும்.

ஒன்று, மோட்டார் ஆவி போகும் பாதையில் இருக்கக் கூடாது. சாதாரண ஃபேனை அப்படியே கீழே இறக்கி மாட்டினால் தீப்பொறியைக் கொண்டுபோய் ஆவிக்குள் வைத்த மாதிரி. இதற்கென்று வரும் தீப்பொறி எழாத ஃபேன் வேண்டும், அல்லது மோட்டார் டக்ட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். சுவிட்ச் அறைக்கு வெளியே.

இன்னொன்று, காற்று உள்ளே வரும் வழி. அடிக்கடி கண்ணில் படும் தவறு இது: உறிஞ்சும் வாய் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும். கதவின் அடி இடுக்கில் நுழையும் காற்று அப்படியே பக்கத்து வாய்க்குப் போய்விடும். ஃபேன் ஓடும், தூரத்து மூலையில் எதுவும் அசையாது. காற்று வரும் லூவர் எதிர்ச் சுவரில் இருக்க வேண்டும். வாசலில் 10 செ.மீ. திண்டு கட்டுங்கள், சிந்தியது பட்டறைக்குள் ஓடாது.

ரேடியல் ட்ரில்:
காற்று எங்கே போகிறது என்று பார்க்க ஊதுபத்தி காட்டினால் தெரிந்துவிடும்.

பெயின்ட் பூத்:
தின்னர் வைத்த அறையில் ஊதுபத்தியா! டிஷ்யூ பேப்பரை மெல்லிய கீற்றாகக் கிழித்து ஒரு குச்சியில் ஒட்டித் தரையோரமாகக் காட்டுங்கள். நான்கு மூலையிலும் கீற்று உறிஞ்சும் வாய்ப் பக்கம் சாய வேண்டும். எந்த மூலையில் சும்மா தொங்குகிறதோ அங்கே கேன் வைக்காதீர்கள்.

டிக்வெல்டு:
இங்கே ஆர்கானும் CO₂ கலவையும் மட்டும்தான். எங்களுக்கும் இந்த 6 மீட்டர் உண்டா?

நீலச்சுடர்:
இந்த இழையின் கேள்வி வேறு தம்பி. ஆர்கான் எரியாது, எரிக்கவும் செய்யாது. அந்தத் தூரம் உங்களுக்கு இல்லை. ஆனால் ஆர்கானும் காற்றைவிடக் கனம். மூடிய சின்ன அறையில் கசிந்தால் ஆளுக்கு மூச்சு முட்டும், வாடையும் இருக்காது. கீழே ஒரு காற்று வழி உங்களுக்கும் வேண்டும்.

சுத்தியல் அண்ணா, உங்கள் அறைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் அதே அறையில் வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். நான் செய்வதாக இருந்தால் இப்படித்தான். ஆக்சிஜன் நான்கும் அறையிலேயே நிற்கட்டும். கிரீஸ் டின் முதல் வேலையாக வெளியே போகட்டும், ஆக்சிஜன் வால்வில் எண்ணெய்க் கை பட்டாலே போதும், பொறி தேவையில்லை. டிஏவும் எல்பிஜியும் கட்டடத்துக்கு வெளியே, வெளிச்சுவரை ஒட்டி வலைக்கூண்டில், மேலே நிழலுக்கு ஒரு கூரை. மூன்று பக்கமும் வலை என்றால் காற்றோட்டக் கணக்கே போட வேண்டாம். அசிட்டிலீன் காற்றைவிட லேசு, எல்பிஜி கனம். மூடிய அறையென்றால் மேலும் கீழும் திறப்பு வேண்டும், வலைக்கூண்டில் அந்தத் தலைவலி இல்லை. பக்கத்தில் சாக்கடை வாயோ கேபிள் டிரெஞ்ச்சோ இருக்கக் கூடாது, எல்பிஜி அதில் இறங்கி வேறெங்கோ போய்ப் பற்றும். ஜன்னலுக்கு அடியிலும் வேண்டாம். டிஏவை நிமிர்த்தியே வையுங்கள், படுத்தால் அசிட்டோன் வால்வுக்கு வரும்.

பெயின்ட் பூத்:
தின்னருக்கு இரட்டைச் சுவர் இரும்பு அலமாரி, சிலிண்டர்களிலிருந்து 6 மீட்டர் தள்ளி. அடியில் டிரே. பெரிய கேன் 20 லிட்டர் என்பதால் டிரே 22 லிட்டராவது கொள்ள வேண்டும். அலமாரியின் பக்கவாட்டில் இரண்டு ஓட்டை மூடியோடு வரும். காற்று போகட்டும் என்று அந்த மூடியைக் கழற்றிவிடுகிறார்கள். டக்ட் இணைக்காவிட்டால் மூடியேதான் இருக்க வேண்டும், திறந்தால் தீயின்போது வெப்பம் உள்ளே போகிற வழி அதுதான். பூட்டில் வரும் மூன்று புள்ளித் தாழையும் பாருங்கள். கீழ்த்தாழ் துருப்பிடித்து ஏறாமல் இருக்கும், கதவு மூடிய மாதிரியே தெரியும்.

சுத்தியல்:
நல்லது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. கட்டிங் டிராலியில் ஆக்சிஜனும் டிஏவும் ஒரடி இடைவெளியில் ஒன்றாக நிற்கின்றன. அதை இரவில் என்ன செய்வது?

நீலச்சுடர்:
ரெகுலேட்டர் மாட்டி வேலைக்குத் தயாராக இருக்கும் டிராலியை "உபயோகத்தில்" என்று எடுத்துக்கொள்ளும் தரநிலை உண்டு. அப்படியானால் 6 மீட்டர் அதற்குப் பொருந்தாது. இரவில் வால்வை மூடி, அழுத்தத்தை வெளியே விட்டுச் சும்மா நிறுத்தினால் போதும்.

ரேடியல் ட்ரில்:
எங்கள் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் வேலைக்கு எடுப்போம் என்றால்தான் உபயோகம், இல்லாவிட்டால் சேமிப்பு என்கிறார். வெள்ளி மாலை நிறுத்தித் திங்கள் எடுத்தால் சேமிப்பாம்.

நீலச்சுடர்:
அவர் சொல்வதற்கும் அடிப்படை உண்டு. வார இறுதிக்கு டிஏவை மட்டும் கழற்றிக் கூண்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினால் சீட் தேய்ந்து கசிவு வரும் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். மாட்டும் ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்க்கிற ஒழுங்கு உங்கள் ஆட்களிடம் இருக்கிறதா என்பதை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

சுத்தியல்:
அந்த ஒழுங்கு இரண்டு பேரிடம் இருக்கிறது. மூன்றாவது ஆள் நுரை வந்தாலும் துடைத்துவிட்டுப் போகிறவன். கூண்டுக்கான அளவை நாளைக்கு எடுக்கிறேன், பின்சுவரில் ஜன்னல் இல்லாத பகுதி 2.4 மீட்டர்தான் இருக்கிறது.