டிராக்கிங் எரர், ஆக்டிவ் ஷேர்: தமிழில் என்ன சொல்லலாம்?

மங்கை:

அனைவருக்கும் வணக்கம். முதலீட்டாளர் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுகளைப் பற்றிய இயலில் இரண்டு சொற்களைத் தாண்டிப் போக முடியவில்லை.

டிராக்கிங் எரருக்கு 'பின்தொடர் பிழை' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் சித்தப்பா, "பிழை செய்தது யார்? நமக்கு ஈடு தருவார்களா?" என்று கேட்டார். ஆக்டிவ் ஷேருக்கு 'செயற்பங்கு' என்று போட்டது எனக்கே பிடிக்கவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ராமநாதன்:

அன்புள்ள மங்கை, உங்கள் சித்தப்பா கேட்டது சரியான கேள்வி. குறியீடு ஓராண்டில் 12 விழுக்காடு ஏறி, ஃபண்டு 11.7 விழுக்காடுதான் தந்தால் பிந்தியது 0.3. இதைத்தானே டிராக்கிங் எரர் என்கிறார்கள்? ஆகவே பிழை வேண்டாம், 'பின்தங்கல்' என்று வைத்துவிடலாம். வங்கியில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சொல் எவ்வளவு எளிதோ அவ்வளவு நல்லது.

சண்முகம்:

ஆக்டிவ் ஷேர் என்றால் தினமும் அதிகமாகக் கைமாறும் பங்குதானே? 'சுறுசுறுப்புப் பங்கு' என்றே சொல்லலாம். இன்னொன்று, டிராக்கிங் எரரால் நானே அடிபட்டிருக்கிறேன். குறியீட்டு ஈடிஎஃப் ஒன்றைச் சந்தையில் வாங்கினேன். அன்று அதன் அலகு மதிப்பைவிட 2 விழுக்காடு கூடுதல் விலை கொடுத்திருக்கிறேன் என்பது மாலையில்தான் தெரிந்தது.

கதிர்:

ஒரு ஃபண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த எண்களோடுதான் என் பொழுது போகிறது.

ராமநாதன் ஐயா, நீங்கள் சொன்ன 0.3 டிராக்கிங் டிஃபரன்ஸ். எரர் என்பது வேறு. ஒரு ஃபண்டு மாதந்தோறும் தவறாமல் குறியீட்டைவிட 0.02 விழுக்காடு குறைவாகத் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் 0.24 பிந்தியிருக்கும். ஆனால் அதன் டிராக்கிங் எரர் சுழியம், ஏனென்றால் இடைவெளி ஒரே சீராக இருக்கிறது. இன்னொரு ஃபண்டு ஒரு மாதம் 0.10 முந்துகிறது, அடுத்த மாதம் 0.10 பிந்துகிறது. ஆண்டு முடிவில் இரண்டும் கழிந்து குறியீட்டோடு வந்து சேர்ந்துவிடும். ஆனாலும் அதன் டிராக்கிங் எரர், ஆண்டு அளவுக்கு மாற்றினால், 0.35 விழுக்காட்டை ஒட்டி வரும். இடைவெளி எவ்வளவு ஊசலாடுகிறது என்பதைத்தான், அதாவது அதன் திட்ட விலக்கத்தைத்தான், இது அளக்கிறது. 'பின்தங்கல்' என்று எழுதினால், செலவு அதிகமாக இருந்தும் சீராக இருக்கிற ஃபண்டை வாசகர் பின்தங்காத ஃபண்டு என்று நம்பிவிடுவார். செபி 2022 மே மாதச் சுற்றறிக்கையில் இரண்டையும் தனித்தனியே வெளியிடச் சொன்னது. பங்குக் குறியீட்டு ஃபண்டுகளுக்கு முந்தைய ஓராண்டுத் தரவின்படி டிராக்கிங் எரர் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வைத்தது. ஆகவே இரண்டுக்கும் இரண்டு சொற்கள் வேண்டும்.

சண்முகம் அண்ணா, உங்களுக்கு நேர்ந்தது உண்மையான இழப்புதான். ஆனால் அது சந்தை விலைக்கும் அலகு மதிப்புக்கும் உள்ள இடைவெளி. டிராக்கிங் எரரை அலகு மதிப்பை வைத்தே கணக்கிடுகிறோம், நீங்கள் கொடுத்த விலை அதில் வராது.

ஆக்டிவ் ஷேரில் உள்ள 'ஷேர்' பங்குச்சந்தைப் பங்கும் இல்லை. மொத்த மதிப்பில் ஒரு பங்கு எத்தனை விழுக்காடு என்பதே அதன் எடை. ஃபண்டில் ஒவ்வொரு பங்குக்கும் உள்ள எடையையும் குறியீட்டில் அதற்கு உள்ள எடையையும் கழித்து, குறி பாராமல் கூட்டி, பாதியாக்கினால் கிடைப்பது அது. ஃபண்டு 0.3 விழுக்காட்டை ரொக்கமாக வைத்து, மீதியைக் குறியீட்டின் அதே விகிதத்தில் முதலிட்டால், ரொக்கத்தில் 0.3 கூடுதல், பங்குகளில் மொத்தம் 0.3 குறைவு. கூட்டிப் பாதியாக்கினால் 0.3.

யோகேஸ்வரி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடநூல்களில் எரர் என்பது 'வழு', நீங்கள் திட்ட விலக்கம் என்பது எங்களுக்கு 'நியம விலகல்'. வழு என்றால் யாரும் ஈடு கேட்கமாட்டார்கள், அது அளவையியற் சொல். 'தொடர் வழு' என்று வைத்தால் என்ன? தமிழ்நாட்டுப் புள்ளியியல் நூல்களிலும் திட்டப்பிழை என்று இருக்கிறதே, அங்கே பிழை யாரையும் குற்றம் சாட்டவில்லையே.

கதிர்:

அக்கா, திட்டப்பிழையைப் படிப்பவர் மாணவர். கையேட்டைப் படிப்பவர் பணம் போட்டவர். 'வழு' அழகாக இருக்கிறது, ஆனால் இங்கே பலர் அதற்கும் குற்றம் என்றே பொருள் கொள்வார்கள்.

சொல்லை முடிவு செய்வதற்கு முன் ஒரு நிகழ்வைப் பாருங்கள். 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்சியல் பிரிந்தது. முந்தைய நாள் தேசியப் பங்குச்சந்தையில் ரிலையன்ஸின் முடிவு விலை ரூ.2841.85. பிரிந்த அன்று சிறப்பு வர்த்தகத்தில் ரூ.2580 வந்தது. வித்தியாசமான ரூ.261.85ஐப் புதிய பங்கின் விலையாக நிலைநிறுத்தி, 51ஆவது பங்காகத் தற்காலிகமாக நிஃப்டியிலேயே வைத்துக்கொண்டார்கள். ஃபண்டுகளுக்கும் அந்தப் பங்கு கிடைத்தது, குறியீட்டிலும் அது இருந்தது. எடை பொருந்தியே நின்றது.

ஆகஸ்ட் 21 அன்று பட்டியலிட்டபோதுதான் சிக்கல். ஒரு நாளில் அதற்குமேல் விழவிடாத 5 விழுக்காட்டுக் கீழ்வரம்பைப் பங்கு அடுத்தடுத்த நாட்களில் தொட்டது. விற்க வரிசையில் நிற்பவர்கள் ஏராளம், வாங்க ஆளில்லை. குறியீட்டிலிருந்து நீக்கும் நாளைத் தள்ளிவைத்தார்கள். திட்டமிட்ட நாளிலேயே நீக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பாருங்கள். ஃபண்டில் ஏறத்தாழ 1 விழுக்காடு எடையுள்ள, விற்க முடியாத பங்கு. ஆக்டிவ் ஷேர் 1 விழுக்காடு. அது ஒரு நாள் 5 விழுக்காடு விழுந்தால் குறியீட்டுக்கும் ஃபண்டுக்கும் இடைவெளி 0.05. இப்படி மூன்று நாள் நடந்தால் பிந்துவது 0.15. ஆண்டின் மற்ற நாட்களெல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தாலும் அந்த மூன்று நாட்களால் மட்டுமே டிராக்கிங் எரர் 0.09 அளவுக்கு வந்துவிடும். விற்று முடித்தவுடன் ஆக்டிவ் ஷேர் பழையபடி சுழியத்தருகே இறங்கிவிடும், டிராக்கிங் எரரில் அந்த வடு ஓராண்டு இருக்கும்.

இதில் மேலாளர் எந்தப் பிழையும் செய்யவில்லை, எதையும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. அதனால் 'பிழை' என்பதும் 'செயல்' என்பதும் இங்கே பொய்யாகிவிடுகின்றன. டிஃபரன்ஸுக்கு 'வருவாய் இடைவெளி', எரருக்கு 'இடைவெளி அலைவு' என்று முன்மொழிகிறேன்.

யோகேஸ்வரி:

'அலைவு' இயற்பியலில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவது. ஊசலுக்கு அலைவு காலம் உண்டு, உங்கள் ஜியோ உதாரணத்தில் மூன்று நாள் ஒரே பக்கம்தானே போனது? 'இடைவெளி விலகல்' என்றால் நியம விலகலோடு உறவும் தெரியும்.

ராமநாதன்:

கதிர் தம்பி, இரண்டும் வேறு என்று இப்போதுதான் விளங்கியது. என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'இடைவெளி விலகல்' எனக்கு ஒரே பொருளை இருமுறை சொல்வதுபோல் கேட்கிறது. அலைவே இருக்கட்டும்.

மங்கை:

நன்றி. டிஃபரன்ஸுக்கு 'வருவாய் இடைவெளி' உறுதி. எரருக்கு 'இடைவெளி அலைவு' என்று எழுதி, முதன்முறை வரும் இடத்தில் கதிர் சொன்ன இரண்டு ஃபண்டுகளின் கதையைச் சேர்க்கிறேன். ஆக்டிவ் ஷேருக்கு 'மாறுபடு எடை' சரிவருமா?

கதிர்:

இண்டெக்ஸ் ஃபண்டுக்குச் சரி. ஆனால் 2009இல் கிரெமர்ஸும் பெட்டாஜிஸ்டோவும் இந்த அளவை முன்வைத்தது, மேலாளர் எவ்வளவு துணிந்து தனிவழி போகிறார் என்று பார்க்கத்தான். அதிகக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆக்டிவ் ஷேர் 60 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால், பெயருக்குத்தான் தேர்வு, உள்ளே குறியீடுதான் என்று ஐயப்படுவார்கள். அங்கே 'மாறுபடு எடை' அந்தத் துணிவைச் சொல்லாது.

சண்முகம்:

அப்படியென்றால் 'தனிவழி எடை' என்று வையுங்களேன்?

மங்கை:

விற்க முடியாமல் கையில் தேங்கிய பங்கைத் தனிவழி என்று சொல்ல மனம் வரவில்லை, அண்ணா. கையேட்டின் இந்த இயல் இண்டெக்ஸ் ஃபண்டுகளைப் பற்றியது என்பதால் இப்போதைக்கு 'மாறுபடு எடை' என்றே அனுப்புகிறேன். அடுத்த இயல் தேர்வு ஃபண்டுகளைப் பற்றியது. அது வரும்போது மறுபடி எழுதுகிறேன்.