மழைக்காலத்தில் மூன்று தவணை விட்டுப்போச்சு, தபால் ஆர்.டி. என்ன ஆகும்?

மாரி: பெயிண்டிங் வேலை. சனிக்கிழமை கூலி. வெயில் காலத்தில் ஆறு நாளும் வேலை இருக்கும், ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு நாள் கிடைத்தாலே பெரிது. தபால் அலுவலகத்தில் மாதம் 1,500 ரூபாய் ஆர்.டி. தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் கட்டவில்லை. இது ஜனவரி, கையில் 3,500தான் இருக்கிறது. எடுத்துவிடலாம் என்கிறாள் வீட்டுக்காரி. என்ன செய்யட்டும்?

செந்தில்: நாலு தவணை விட்டால் கணக்கு முடங்கிவிடும் தம்பி. போட்ட பணம் போனதுதான்.

வசந்தி: பணம் எங்கும் போகாது செந்தில் அண்ணா. நான்காவது தவணையும் விட்டால் கணக்கு நின்றுவிடும் என்பது சரி. ஆனால் அதற்குப் பிறகும் இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பித்துக்கொள்ளலாம். மாரி, மூன்று வருடம் முடியாமல் கணக்கை மூட முடியாது. மூன்றுக்குப் பிறகு, ஐந்து வருடத்துக்கு முன் எடுத்தாலும் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் வரும். கணக்கை எத்தனாம் தேதி தொடங்கினீர்கள்?

மாரி: 20-ஆம் தேதி அக்கா.

வசந்தி: அப்படியானால் மாதக் கடைசி வேலைநாள் வரை நேரம் இருக்கிறது. பழைய பாக்கியைத்தான் முதலில் எடுப்பார்கள். அக்டோபர், நவம்பர் இரண்டையும் கட்டிவிடுங்கள். தாமதக் கட்டணம் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் கணக்கு, அதனால் 3,500-க்குள் அடங்கிவிடும். மாதக் கடைசியில் டிசம்பரும் ஜனவரியும் மட்டும் பாக்கி நிற்கும், நாலைத் தொடாது.

ராஜாத்தி: எனக்கும் இப்படித்தான் ஆனது, ஆனால் சீட்டில். இரண்டு மாதம் கட்டாததற்கு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சீட்டை விட்டு ஆர்.டி.க்கு வரலாமா?

வசந்தி: சீட்டுக் கதையைத் தனியாகப் பேசுவோம் ராஜாத்தி. மாரி, அடுத்த மழைக்கு இப்போதே வழி செய்யுங்கள். ஆர்.டி.யில் வரும் மாதங்களின் தவணையை முன்கூட்டியே கட்டலாம், பலருக்கு இது தெரிவதில்லை. வருடத்துக்கு 18,000. உங்களுக்கு நல்ல மாதம் ஒன்பது என்றால் மாதம் 2,000, அதாவது சனிக்கிழமை தோறும் 500. அதே அலுவலகத்தில் சேமிப்புக் கணக்கு ஒன்று வைத்து வாரக் காசை அதில் போடுங்கள். மாதத் தவணை போக மிஞ்சுவது செப்டம்பருக்குள் 4,500 ஆகும். அதைக் கொண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை முன்பணமாகக் கட்டிவிட்டால் மழை எவ்வளவு பெய்தாலும் பாக்கி விழாது. ஒரே தடவையில் ஆறு மாதம் முன்பணம் கட்டினால் மாதத் தவணையின் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் பத்து ரூபாய் தள்ளுபடியும் உண்டு.

செந்தில்: அதற்குத் தவணையையே 1,000 ஆகக் குறைத்துக்கொள்ளலாமே?

வசந்தி: நடுவில் தவணைத் தொகையை மாற்ற முடியாது அண்ணா. புதிதாகத் தொடங்குபவர்கள் 1,500-க்கு ஒரே கணக்கு போடாமல் 500-க்கு மூன்றாகப் போடலாம். கஷ்டம் வந்தால் ஒன்றை மட்டும் நிறுத்திவைத்து மற்ற இரண்டைக் காப்பாற்றலாம்.

மாரி: சரி அக்கா, திங்கட்கிழமை பாஸ்புக்கோடு போய் இரண்டு தவணை கட்டுகிறேன். டிசம்பர், ஜனவரி பாக்கியைப் பிப்ரவரி கூலியில் அடைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். வாரம் 500 எடுத்து வைக்க வீட்டுக்காரி சம்மதிக்க வேண்டும், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஜூனில் வருகிறது.