சுருட்டுப் புகை படிந்த அறையைச் சுத்தம் செய்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்

குழுவிலுள்ள யாங்கோன் உறவுகளுக்கு வணக்கம். என் இரண்டு வயது மகனுக்கு இந்த மழைக்காலத்தில் மூன்றாவது முறையாக இளைப்பு வந்துள்ளது. காய்ச்சல் இல்லை; ஆனால் மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குகிறது.

என் மாமனார் வாசலில் நின்றுதான் சுருட்டுப் பிடிக்கிறார். ஆகவே குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று நாங்கள் நம்பியிருந்தோம். மருத்துவர் சொன்ன விளக்கம் வேறு. கதவிடுக்கின் வழியே புகை உள்ளே வருவது ஒருபுறமிருக்க, நிகோடினும் மற்ற நஞ்சுகளும் அவருடைய சட்டையிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வந்து, கொசுவலை, பாய், சுவர் ஆகியவற்றில் படிந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் காற்றில் கலந்துகொண்டே இருக்குமாம். பெரியவர்களைவிட வேகமாக மூச்சுவிடும் குழந்தை, தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைப்பதால் அதை அதிகமாக உட்கொள்கிறது. அதன் மூச்சுக்குழாய் குறுகியது என்பதால் சிறிது வீங்கினாலே காற்று தடைபடுகிறது.

ஊதுவத்தி ஏற்றினால் வாடைதான் மறைகிறது, அதுவும் இன்னொரு புகை! கழுவாமல் சுண்ணாம்பு அடித்தால் கறை மீண்டும் மேலே கசியும் என்றும் கேள்விப்பட்டேன்.

எனவே, மரச்சுவரை எதைக் கொண்டு கழுவினீர்கள், மெத்தையை வைத்துக்கொண்டீர்களா, எறிந்தீர்களா என்று அனுபவப்பட்டவர்கள் தெரிவியுங்கள். பேரனைத் தூக்குமுன் சட்டையை மாற்றிக் கைகழுவும்படி எழுபது வயதுப் பெரியவரிடம் மனம் நோகாமல் எப்படிச் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள்.