45 மணி நேரம் என்று எழுதினேன், 28 மணி நேரத்தில் முடிந்துவிட்டது: விற்பனைக் குறிப்பில் எங்கே பிழை?

அகல்விழி (கேள்வி):
வணக்கம். கண்ணாடிக் குவளையில் ஊற்றும் மெழுகுவர்த்திகளைக் கையால் செய்து இணையத்தில் விற்று வருகிறேன். என் விற்பனைக் குறிப்பு இதுதான்:

“100% சோயா மெழுகு. மெழுகின் எடை 180 கிராம். எரியும் நேரம் 45 மணி. மிக வலுவான லாவெண்டர் மணம். ஒரு முறைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். அடியில் 12 மி.மீ. மெழுகு மிஞ்சும்போது அணைத்துவிடுங்கள்.”

வாங்கிய ஒருவர், குறிப்பில் சொன்னபடியே பயன்படுத்தியும் 28 மணி நேரம்தான் எரிந்தது என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், மூடியைத் திறந்தபோது வந்த மணம் ஏற்றிய பிறகு கூடத்தில் தெரியவே இல்லை என்கிறார். நான் கற்பனையாக எதையும் எழுதவில்லை. ஒரு மெழுகுவர்த்தியை 4 மணி நேரம் எரித்து எடை பார்த்தேன். 16 கிராம் குறைந்திருந்தது. மணிக்கு 4 கிராம் என்றால் 180 கிராமுக்கு 45 மணி வருகிறது. நறுமண எண்ணெய் 8 விழுக்காடு சேர்க்கிறேன். கணக்கில் எங்கே தவறினேன்?

திரிநூல்:
திரி தடிமனாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை. தடித்த திரி மெழுகை வேகமாக இழுக்கும். ஓர் அளவு சிறிய திரிக்கு மாறினால் 45 மணி கிடைத்துவிடும். மணத்துக்கு, எண்ணெயை 12 விழுக்காடாக உயர்த்துங்கள். குறிப்பை மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

மழைக்காலம்:
எனக்கும் இதே சிக்கல்தான். என் மெழுகுவர்த்தியில் நடுவில் மட்டும் கிணறுபோல் குழி விழுந்து, ஓரத்து மெழுகு அப்படியே நின்றுவிடுகிறது. அந்த ஓரத்து மெழுகையும் எரியும் நேரத்தில் சேர்த்துக் கணக்கிடலாமா?

பழைய தராசு:
மழைக்காலம் அவர்களே, உங்களுடையது இதற்கு நேர்மாறான சிக்கல். உங்கள் குவளைக்குத் திரி சிறியது, அல்லது முதல் முறை ஏற்றும்போது உருகிய மெழுகு விளிம்பைத் தொடுவதற்கு முன்பே அணைத்துவிடுகிறீர்கள். எரியாத மெழுகுக்கு எரியும் நேரம் கிடையாது. திரிநூல் சொல்வதைக் கேட்டு அகல்விழி திரியைச் சிறிதாக்கினால், அவரும் உங்கள் நிலைக்குத்தான் வந்து சேர்வார்.

அகல்விழி, உங்கள் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, முதல் 4 மணி நேரத்தை வைத்து முழு ஆயுளையும் கணித்தது. புதிய மெழுகுவர்த்தியில் மேற்பரப்பு முழுவதும் உருகவே வெகுநேரம் ஆகும் என்பதால் அப்போது செலவு குறைவாகத்தான் இருக்கும். சுடர் குவளைக்குள் இறங்க இறங்க, கண்ணாடி சூடேறி, மெழுகு விரைவாகக் கரையத் தொடங்கும். இரண்டாவது, அடியில் 12 மி.மீ. விட்டுவிடச் சொல்லும் நீங்களே, அந்த மெழுகையும் 180 கிராமுக்குள் வைத்து வகுத்திருக்கிறீர்கள். காலிக் குவளையில் 12 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். குவளையின் உள்விட்டம் 7 செ.மீ. என்றால் ஏறத்தாழ 46 மி.லி. வரும், மெழுகு தண்ணீரைவிடச் சற்று இலேசானது என்பதால் 41 கிராம் என்று கொள்ளலாம். நேரத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக அந்த 12 மி.மீ. எச்சரிக்கையை மட்டும் நீக்கிவிடாதீர்கள். கடைசி மெழுகும் உருகிவிட்டால் சுடரின் வெப்பம் நேராகக் கண்ணாடியின் அடியைத் தாக்கும். கண்ணாடி வெடிக்கலாம், கீழே உள்ள மேசையும் கருகலாம்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு வாரம் மூடி வைத்திருந்த ஒன்றை எடுத்து, ஒவ்வொரு முறையும் திரியை 6 மி.மீ. அளவுக்கு நறுக்கி, காற்று வீசாத இடத்தில் 4 மணி நேரம் எரித்து, நன்றாக ஆறிய பிறகு குவளையோடு எடை போடுங்கள். 12 மி.மீ. வரும்வரை தொடருங்கள். கூடவே, மெழுகு வாங்கிய இடத்தில் கொடுத்த விவரத்தாளையும் ஒருமுறை படியுங்கள். குவளைக்கென்று விற்கப்படும் சோயா மெழுகுகளில் பல உண்மையில் கலவைகள்.

அகல்விழி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழு முறை எரித்ததில் குறைந்த எடை, வரிசையாக: 16, 19, 20, 21, 21, 21, 20 கிராம். மொத்தம் 138 கிராம், 28 மணி நேரம். மிச்சம் 42 கிராம். புகார் சொன்னவர் ஒரு மணி நேரம்கூடத் தவறாகச் சொல்லவில்லை. விவரத்தாளில் “சோயா கலவை” என்றே இருக்கிறது. கலந்திருக்கும் மற்றது என்ன, எவ்வளவு என்று அதில் இல்லை. மூட்டையின் முகப்பில் இருந்த பெரிய எழுத்தை மட்டும் பார்த்து 100% என்று எழுதிவிட்டேன்.

பழைய தராசு:
அப்படியானால் “சோயா கலவை மெழுகு” என்றே எழுதுங்கள். நேரத்தை ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்து முடிவு செய்யாமல், இன்னும் இரண்டை எரித்துப் பார்த்து, அவற்றுள் குறைந்ததைப் போடுங்கள். “திரியை 6 மி.மீ. அளவில் வைத்து, ஒரு முறைக்கு 4 மணி நேரம் எரித்தால், சுமார் 28 மணி” என்று நிபந்தனையும் எண்ணும் ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும். தனித்தனியே எழுதினால் எண்ணை மட்டும்தான் படிப்பார்கள்.

மணத்துக்கு வருவோம். எண்ணெயின் விழுக்காடு மணத்தின் வலிமை ஆகாது. மெழுகு தாங்கும் அளவுக்கு மேல் ஊற்றினால் மேலே வியர்த்து நிற்கும், திரி அடைபட்டுச் சுடர் தடுமாறும். ஆகவே 12 விழுக்காடு என்ற யோசனைக்கு முன், உங்கள் மெழுகு அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்று அந்த விவரத்தாளிலேயே பாருங்கள். ஏற்றாதபோது வரும் மணமும் ஏற்றியபின் பரவும் மணமும் வேறு வேறு. இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். 10க்கு 12 அடி அறையில் கதவை மூடி ஒரு மணி நேரம் எரித்துவிட்டு, அதுவரை அந்த அறையில் இல்லாத ஒருவரை உள்ளே அழைத்துக் கேளுங்கள். செய்தவரின் மூக்கு பழகிப்போயிருக்கும். அதன் சாட்சி செல்லாது.

திரிநூல்:
எண்ணெய் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்துப் பட்டியலில் இதே எடைக்கு 45 மணி என்று போட்டிருக்கும்போது, 28 என்று எழுதுபவரிடம் யார் வாங்குவார்கள்? “25 முதல் 35 மணி” என்று ஒரு வரம்பாக எழுதினால் என்ன?

பழைய தராசு:
35 மணி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்றை அவர் பார்த்திருந்தால் எழுதலாம்.

மழைக்காலம்:
நான் வரம்பாகத்தான் எழுதுகிறேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் என்னுடையது எவ்வளவு நேரம் எரிகிறது என்று நான் எடை போட்டுப் பார்த்ததும் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அகல்விழி:
திருத்திய குறிப்பு இது. மற்ற இரண்டையும் எரித்து முடித்தபின் எண்ணை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுவேன்.

“சோயா கலவை மெழுகு, குவளையின் எடை நீங்கலாக 180 கிராம். திரியை ஒவ்வொரு முறையும் 6 மி.மீ. அளவுக்கு நறுக்கி, ஒரு முறைக்கு 4 மணி நேரம் எரித்தால், சுமார் 28 மணி எரியும்; அடியில் 12 மி.மீ. மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும், அந்த மெழுகு இந்தக் கணக்கில் சேரவில்லை. முதல் முறை ஏற்றும்போது உருகிய மெழுகு விளிம்பைத் தொடும்வரை அணைக்க வேண்டாம். ஏற்றாதபோது லாவெண்டர் மணம் நன்கு தெரியும். ஏற்றியபின் 10க்கு 12 அடி மூடிய அறையில் மிதமாகப் பரவும், பெரிய கூடத்துக்குப் போதாது. எரியும்போது தனியே விட்டுச் செல்லாதீர்கள். காற்று வீசும் இடத்திலும் திரைச்சீலை அருகிலும் வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள்.”

“மிதமாக” என்ற சொல்லில்தான் இன்னும் தயக்கம். அறைக்குள் அழைத்த மூவரில் ஒருவர் மிதம் என்றார், ஒருவர் இலேசு என்றார், மூன்றாமவருக்குத் தலைவலியே வந்துவிட்டது.

பழைய தராசு:
சொல்லை விட்டுவிட்டு அறையின் அளவை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வேறு விதமாகச் செய்பவர்கள் இருந்தால் எழுதட்டும். இன்னொன்று: கடைசி மூன்று எச்சரிக்கைகளையும் 12 மி.மீ. அளவையும் குவளையின் அடியில் ஒட்டும் தாளிலும் அச்சிடுங்கள். பரிசாகப் பெறுபவர் உங்கள் விற்பனைக் குறிப்பைப் பார்த்திருக்கவே மாட்டார்.